‘எங்களுக்கு மட்டும்’, ‘எங்களுக்கே குறைந்த விலை’: இரண்டு ஷரத்துகள் ஒரே ஒப்பந்தத்தில் சேர்ந்தால் என்ன ஆகும்?

ஒரு சிறு உற்பத்தியாளருக்குப் பெரிய நிறுவனம் ஒன்றின் ஆர்டர் கிடைக்கிறது. கூடவே இருபது, முப்பது பக்கத்துக்கு ஓர் ஒப்பந்தமும் வருகிறது. விலை, அளவு, பணம் கொடுக்கும் நாள் ஆகியவற்றை எல்லோரும் கவனமாகப் படிக்கிறார்கள். அதற்கு அப்புறம் வரும் பக்கங்களில் இரண்டு ஷரத்துகள் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் ஒரு சிறு தொழில் அடுத்த சில வருடங்களுக்கு யாருக்கு விற்கலாம், என்ன விலைக்கு விற்கலாம் என்பதைத் தீர்மானித்துவிடும். தனித்தனியாகப் படித்தால் இரண்டுமே நியாயமாகத்தான் தெரியும். சிக்கல் அவை சேருகிற இடத்தில்தான் இருக்கிறது. அதை ஒரு கணக்குப் போட்டே பார்ப்போம்.

## இரண்டு ஷரத்துகளும் சொல்வது என்ன?

முதலாவது, பிரத்யேக சப்ளை ஷரத்து. ஒப்பந்தத்தில் ஏறக்குறைய இப்படி எழுதப்பட்டிருக்கும்: “ஒப்பந்தக் காலத்தில் சப்ளையர் இந்தப் பொருளையோ இதை ஒத்த பொருளையோ, வாங்குபவர் இயங்கும் துறையில் வேறு எவருக்கும் நேரடியாகவோ மறைமுகமாகவோ விற்கக் கூடாது.” அதாவது, இந்தத் துறையில் எங்களுக்கு மட்டும்தான் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, அதிகச் சலுகை பெறும் வாடிக்கையாளர் ஷரத்து. சுருக்கமாக விலைச் சலுகை ஷரத்து என்று வைத்துக்கொள்வோம். அது இப்படிப் போகும்: “சப்ளையர் இந்தப் பொருளையோ ஒத்த பொருளையோ வேறு எவருக்காவது இதைவிடக் குறைந்த நிகர விலைக்கு விற்றால், அதே நாளிலிருந்து அந்த விலை வாங்குபவருக்கும் பொருந்தும்.” உங்கள் வாடிக்கையாளர்களிலேயே குறைந்த விலை எப்போதும் எங்களுக்குத்தான் என்பது இதன் சாரம்.

பெரிய நிறுவனம் இவற்றைக் கேட்பதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. ஒரு பாகத்துக்கான அச்சு செய்ய அது பணம் போட்டிருக்கலாம், வடிவமைப்பைச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். தன் பணத்தில் செய்த அச்சிலிருந்து போட்டியாளருக்குப் பாகம் போகக் கூடாது என்று நினைப்பதில் தவறில்லை. பெரிய அளவில் வாங்குகிற தன்னைவிட, கொஞ்சமாக வாங்குகிறவர் குறைவாகக் கொடுக்கக் கூடாது என்று நினைப்பதும் இயல்புதான். ஆனால் எழுதப்படும் ஷரத்து பெரும்பாலும் இந்தக் காரணத்தின் அளவோடு நிற்பதில்லை.

மேலே உள்ள வாசகங்களில் ‘ஒத்த பொருள்’, ‘மறைமுகமாக’, ‘நிகர விலை’ ஆகிய சொற்களைத் திரும்பப் படியுங்கள். முழு எடையும் அவற்றின் மேல்தான் இருக்கிறது.

## ஒரு சிறு பட்டறையின் கணக்கு

இயந்திரங்களில் கசிவைத் தடுக்கப் பொருத்தும் ரப்பர் சீல் செய்யும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. எந்த நாட்டுப் பணமாகவும் நினைத்துக்கொள்ளலாம்.

மாதத்துக்கு 10,000 சீல் செய்யும் திறன் இருக்கிறது. வாகனத் துறையிலுள்ள ஒரு பெரிய நிறுவனம் மாதம் 7,000 வாங்குகிறது. ஒரு சீலின் விலை 100. ரப்பர், மின்சாரம், பேக்கிங் என்று ஒவ்வொரு சீலுக்கும் நேரடியாக ஆகும் செலவு 70. ஆக, ஒன்றுக்கு 30 மிஞ்சும். வாடகை, சம்பளம், கடன் தவணை என்று, ஒன்றுமே செய்யாவிட்டாலும் மாதம் 1,80,000 போய்விடும்.

7,000 சீலில் மிஞ்சுவது 2,10,000. நிலையான செலவு போக, மாத லாபம் 30,000. வசதியான நிலை இல்லை, ஆனால் தொழில் ஓடுகிறது. இன்னும் 3,000 சீல் செய்யும் திறன் சும்மா கிடக்கிறது. வளர்ச்சி அங்கிருந்துதான் வர வேண்டும்.

வாகனத் துறையில் வேறு யாருக்கும் விற்க முடியாது. பிரத்யேக ஷரத்து அந்தக் கதவை மூடிவிட்டது. சரி, வேறு துறைக்குப் போகலாம். தண்ணீர்ப் பம்பு செய்யும் ஒருவர் வருகிறார். மாதம் 1,500 சீல் வேண்டும், 94-க்குக் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். பம்புத் துறைக்கு விற்கத் தடை இல்லை. விலையும் மோசமில்லை. ஒன்றுக்கு 24 மிஞ்சும், 1,500-க்கு 36,000. மாத லாபம் 30,000-லிருந்து 66,000 ஆக வேண்டும்.

இங்கேதான் விலைச் சலுகை ஷரத்து வேலை செய்கிறது. பம்புக்காரருக்கு 94 என்றால் பெரிய நிறுவனத்துக்கும் 94. அங்கே ஒன்றுக்கு 6 குறையும், 7,000-க்கு 42,000 போகும். புதிதாக வந்தது 36,000, பழையதில் போனது 42,000. மாத லாபம் 30,000-லிருந்து 24,000 ஆகிறது. 1,500 சீல் அதிகமாகச் செய்து, கூடுதலாக உழைத்து, லாபத்தில் 6,000 குறைகிறது.

ஆகவே பட்டறைக்காரர் அந்த ஆர்டரை மறுக்கிறார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, வாசல் தேடி வந்த ஆர்டரை ஏன் விட்டார் என்று புரியாது. எந்த ஷரத்தும் அதை நேரடியாகத் தடுக்கவில்லை. கணக்குதான் தடுத்தது.

இதைப் பொதுவான ஒரு சோதனையாகவும் எழுதலாம். புதியவருக்கு விற்கும் அளவை அங்கே ஒன்றுக்கு மிஞ்சும் தொகையால் பெருக்குங்கள். பழையவருக்கு விற்கும் அளவைத் தள்ளுபடித் தொகையால் பெருக்குங்கள். முதலாவது பெரிதாக இருந்தால்தான் ஆர்டர் லாபம். இந்தப் பட்டறையில் 6 தள்ளுபடிக்குப் புதியவர் 1,750-க்கு மேல் வாங்க வேண்டும். தள்ளுபடி 10 என்றால் 3,500-க்கு மேல் வாங்க வேண்டும். பட்டறையில் மீதித் திறனே 3,000-தான். அதாவது, 10 தள்ளுபடி கொடுத்துப் புதிய வாடிக்கையாளரைப் பிடிப்பது இவருக்குச் சாத்தியமே இல்லை. பெரிய வாடிக்கையாளரின் பங்கு எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்கு மற்றவருக்குக் கொடுக்கும் தள்ளுபடியின் செலவும் ஏறும்.

## ஆர்டர் குறையும் மாதத்தில்

இதுவரை பார்த்தது நல்ல காலம். இரண்டு ஷரத்துகளும் சேர்ந்து எப்படிக் கட்டிப்போடுகின்றன என்பது ஆர்டர் குறையும்போதுதான் முழுதாகத் தெரியும்.

பிரத்யேக ஷரத்துகளில் நான் மிகவும் கவலையோடு பார்ப்பது ஒரு குறையைத்தான். சப்ளையர் வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்று எழுதியிருக்கும், ஆனால் வாங்குபவர் இவ்வளவாவது வாங்கியே தீர வேண்டும் என்று எழுதியிருக்காது. ‘மாதம் 7,000 வரை’ என்றோ, ‘உத்தேச அளவு 7,000’ என்றோ இருக்கும். ‘வரை’ என்பது உச்ச வரம்பு. ‘உத்தேசம்’ எந்தக் கடமையையும் உண்டாக்காது. கட்டுப்பாடு ஒரு பக்கத்துக்கு மட்டும்தான்.

பெரிய நிறுவனத்தின் விற்பனை மந்தமாகி, ஆர்டர் 5,000 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 5,000 சீலில் மிஞ்சுவது 1,50,000. நிலையான செலவு 1,80,000. மாதம் 30,000 நஷ்டம். வாகனத் துறையில் வேறு நிறுவனங்கள் சீல் தேடிக்கொண்டிருந்தாலும் இவரால் கொடுக்க முடியாது.

இந்த நேரத்தில் அதே பம்புக்காரர் அதே 94-க்கு 1,500 கேட்டு வருகிறார். விலைச் சலுகை ஷரத்து இல்லாவிட்டால் அந்த 36,000 நஷ்டத்தை ஈடுகட்டி, 6,000 லாபத்தில் கொண்டுவந்து நிறுத்தும். பட்டறை பிழைத்துவிடும். ஷரத்து இருப்பதால் பெரிய நிறுவனத்தின் 5,000-க்கும் 6 குறைக்க வேண்டும், 30,000 போகும். கையில் நிற்பது வெறும் 6,000. நஷ்டம் 30,000-லிருந்து 24,000 ஆகக் குறையும், அவ்வளவுதான்.

ஒரே வாடிக்கையாளரை நம்பியிருக்கும் ஆபத்தைப் பிரத்யேக ஷரத்து உண்டாக்குகிறது. அந்த ஆபத்து நிஜமாகும் நாளில் வெளியேறும் வழிக்கு விலைச் சலுகை ஷரத்து சுங்கம் வசூலிக்கிறது. அந்தச் சுங்கம் போவதும், ஆர்டரைக் குறைத்த அதே வாடிக்கையாளருக்குத்தான்.

## ‘நிகர விலை’க்குள் ஒளிந்திருப்பவை

சிலர் யோசிப்பார்கள்: பில்லில் 100 என்றே போட்டுவிட்டு, பம்புக்காரருக்கு வேறு வழியில் சலுகை கொடுத்தால் என்ன? ‘நிகர விலை’ என்ற சொல் இதற்காகவே எழுதப்பட்டது. வருடக் கடைசியில் கொடுக்கும் ரிபேட், இலவசமாகச் சேர்க்கும் சரக்கு, சப்ளையர் ஏற்கும் வண்டிக் கூலி, கூடுதல் நாள் கடன் எல்லாவற்றையும் கழித்து நிற்கும் விலைதான் நிகர விலை என்று பல ஒப்பந்தங்கள் விளக்கம் கொடுக்கும்.

வேண்டுமென்று மறைக்காதவர்களும் இதில் மாட்டுகிறார்கள். பம்புக்காரருக்கு 100-க்கே விற்கிறார், ஆனால் வண்டிக் கூலி 3-ஐத் தானே ஏற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெரிய நிறுவனம் தன் வண்டியை அனுப்பிச் சரக்கை எடுத்துக்கொள்கிறது. பட்டறைக்காரர் மனதில் இரண்டும் ஒரே விலை. ஒப்பந்தத்தின் கண்ணில் பம்புக்காரரின் நிகர விலை 97.

இந்த ஷரத்தோடு பெரும்பாலும் இரண்டு துணை ஏற்பாடுகள் வரும். ஒன்று, ‘வேறு எவருக்கும் குறைந்த விலைக்கு விற்கவில்லை’ என்று சப்ளையர் வருடம்தோறும் கையெழுத்திட்டுக் கொடுக்கும் சான்று. இன்னொன்று, சப்ளையரின் பில்களையும் கணக்குகளையும் ஆள் அனுப்பிப் பார்க்கும் தணிக்கை உரிமை. தணிக்கையில் அந்த 97 கண்ணில் பட்டால் வித்தியாசத்தை முன்தேதியிட்டுக் கேட்பார்கள். மாதம் 7,000 சீல், ஒன்றுக்கு 3, பன்னிரண்டு மாதம்: 2,52,000. முன்பு மாதம் 30,000 லாபம் பார்த்த பட்டறைக்கு அது ஒரு வருட லாபத்தில் 70 சதவீதம். இந்தத் தொகையைத் தனியாகக் கேட்டு வாங்கக்கூட வேண்டியதில்லை. அடுத்து வர வேண்டிய பில் தொகையில் கழித்துக்கொள்ள ஒப்பந்தமே அனுமதித்திருக்கும். தவணையும் சம்பளமும் கொடுக்க வேண்டிய மாதத்தில் பணம் குறைந்து வந்து நிற்கும்போதுதான் பலருக்கு இப்படி ஒரு ஷரத்து இருப்பதே நினைவுக்கு வருகிறது.

இரண்டு பெரிய வாடிக்கையாளர்களுக்கு இதே ஷரத்தைக் கொடுத்துவிட்டால் நிலைமை இன்னும் இறுகும். ஒருவருக்குக் குறைத்தால் மற்றவருக்கும் தானாகக் குறையும். விலை இறங்க வழி இருக்கும், ஏற வழி இருக்காது.

## சட்டம் காப்பாற்றாதா?

சில இடங்களில் காப்பாற்றியிருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு பெரிய மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனைகளுடன் விலைச் சலுகை ஷரத்துகளைப் போட்டிருந்தது. மற்றக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு இன்னும் அதிகக் கட்டணம் வாங்க வேண்டும் என்றுகூடச் சிலவற்றில் இருந்தது. அமெரிக்க நீதித் துறை 2010-ல் வழக்குத் தொடுத்தது. 2013-ல் மிச்சிகன் மாநிலமே சட்டம் போட்டுக் காப்பீட்டில் இந்த ஷரத்தைத் தடை செய்தது. ஹோட்டல்கள் தங்கள் சொந்த இணையதளத்தில்கூடக் குறைந்த வாடகை காட்டக் கூடாது என்று முன்பதிவுத் தளமான புக்கிங் டாட் காம் வைத்திருந்த ஷரத்தை ஜெர்மனியின் போட்டி ஆணையம் 2015-ல் தடுத்தது. மேல்முறையீடுகளெல்லாம் முடிந்து, தடை சரிதான் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது 2021-ல்.

இந்த வழக்குகளைப் பார்த்துச் சிறு பட்டறை நிம்மதி அடைய முடியாது என்பது என் கருத்து. போட்டிச் சட்டங்கள் பொதுவாக இந்த ஷரத்துகளை மொத்தமாகத் தடை செய்வதில்லை. சந்தையில் போட்டி குறைகிறதா, அந்தப் பெரிய நிறுவனத்துக்குச் சந்தையில் எவ்வளவு பிடி இருக்கிறது என்றுதான் பார்க்கின்றன. ஒரு பட்டறை நசுங்குகிறது என்பது மட்டும் போதுமான காரணம் ஆகாது. பல சப்ளையர்களும் பல வாங்குபவர்களும் இருக்கும் சந்தையில் இந்த ஒப்பந்தம் சட்டப்படி செல்லும் என்ற முடிவுக்கே வாய்ப்பு அதிகம். ஜெர்மன் வழக்கு ஐந்து வருடத்துக்கும் மேல் இழுத்தது. மாதம் 30,000 நஷ்டத்தில் ஓடும் தொழில் அவ்வளவு நாள் காத்திருக்காது. எதையாவது மாற்ற வேண்டுமென்றால் கையெழுத்துக்கு முன்னால்தான் முடியும்.

## கையெழுத்துக்கு முன் எதைப் பேசுவது?

ஷரத்தே வேண்டாம் என்று சிறு சப்ளையர் சொன்னால் ஆர்டரே போய்விடலாம். அதன் அளவைக் குறைத்துக் கேட்பது பெரும்பாலும் எடுபடும், ஏனென்றால் எதிர்ப்பக்கத்துக்கு உண்மையில் தேவைப்படுவது அதைவிடச் சிறியது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்க முடியாவிட்டால், இந்த வரிசையில் கேட்கலாம்.

1. குறைந்தபட்ச அளவு. பிரத்யேகம் வேண்டுமென்றால் அதற்கு விலையாக ஒரு குறைந்தபட்சக் கொள்முதல் வேண்டும். எவ்வளவு என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. நிலையான செலவை, ஒன்றுக்கு மிஞ்சும் தொகையால் வகுங்கள். நம் பட்டறையில் 1,80,000-ஐ 30-ஆல் வகுத்தால் 6,000. அதற்குக் கீழே ஆர்டர் போனால் நஷ்டம். ஆகவே, ‘தொடர்ந்து இரண்டு மாதம் 6,000-க்குக் கீழே போனால் பிரத்யேகமும் விலைச் சலுகையும் தாமாகவே நின்றுவிடும்’ என்ற ஒரு வாக்கியம் போதும். இழப்பீடு கேட்பதைவிட இது சுலபமாக ஏற்கப்படும். வாங்குபவர் பணம் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை, கட்டை அவிழ்த்தால் போதும்.

2. ஒத்த அளவு, ஒத்த நிபந்தனை. விலை ஒப்பீடு ‘இதே அளவோ இதைவிடக் குறைவாகவோ, இதே பணம் கொடுக்கும் நிபந்தனைகளில் வாங்குபவர்களுடன் மட்டும்’ என்று இருக்க வேண்டும் என்றுதான் கேட்கத் தோன்றும். இந்த வாசகத்தில் ஒரு பொறி உண்டு. ‘குறைவாக வாங்குபவர்’ என்று சேர்த்தால் பம்புக்காரரும் ஒப்பீட்டுக்குள் வந்துவிடுவார். ‘இதே துறையில், இதே தரக் குறியீட்டுப் பொருளை வாங்குபவர்’ என்று எழுதினால்தான் வேறு துறைக்கு விற்பது வெளியே நிற்கும். அறிமுகச் சலுகை, பழைய சரக்கைத் தள்ளிவிடுவது, மாதிரிக்குக் கொடுப்பது ஆகியவற்றையும் பெயர் சொல்லி விலக்க வேண்டும்.

3. பொருளைப் பட்டியலாக எழுதுவது. ‘ஒத்த பொருள்’ என்பதற்குப் பதிலாக, வரைபட எண்ணோடு பாகங்களின் பட்டியலை இணைக்க வேண்டும். வாங்குபவரின் பணத்தில் செய்த அச்சிலிருந்து வருபவை மட்டும் பிரத்யேகம், சப்ளையரின் சொந்த அச்சிலிருந்து வருபவை அல்ல. பெரிய நிறுவனத்தின் நியாயமான கவலையும் இதோடு தீர்ந்துவிடுகிறது. இதற்கு மேலும் வேண்டும் என்று அடம்பிடித்தால், எதற்காக என்று நேராகக் கேட்கலாம்.

4. முன்தேதியும் தணிக்கையும். விலைக் குறைப்பு, கண்டுபிடித்த நாளிலிருந்துதான் பொருந்தும், அல்லது அதிகபட்சம் மூன்று மாதம் மட்டுமே பின்னால் போகும் என்று வரம்பு வைக்கலாம். கணக்கைப் பார்ப்பவர் வாங்குபவரின் ஆளாக இல்லாமல் வெளி ஆடிட்டராக இருக்க வேண்டும். ‘மீறல் உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று மட்டும் அவர் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மற்ற வாடிக்கையாளர்கள் யார், அவர்களுக்கு என்ன விலை என்பதெல்லாம் பெரிய நிறுவனத்தின் கொள்முதல் மேஜைக்குப் போய்விடும். அடுத்த விலைப் பேச்சுவார்த்தையில் அதுவே உங்களுக்கு எதிராகப் பேசும்.

ஏற்கெனவே கையெழுத்திட்டவர்கள் முதலில் தேட வேண்டியது புதுப்பிப்பு ஷரத்தை. ‘முடிவுத் தேதிக்கு 90 நாளுக்கு முன் எழுத்தில் மறுக்காவிட்டால் அதே நிபந்தனைகளில் தானாகத் தொடரும்’ என்பது போல் இருக்கும். இந்த வாசகம் முதன்மை ஒப்பந்தத்தில் இல்லாமல், ஒவ்வொரு பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்திலும் சிறிய எழுத்தில் அச்சிட்ட பொது நிபந்தனைகளில் இருக்கலாம். அதையும் புரட்டிப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன நான்கையும் திரும்பப் பேச, ஆர்டரை இழக்காமல் கிடைக்கும் வாய்ப்பு அந்த 90 நாளுக்கு முந்தைய சில வாரங்கள்தான். அந்தத் தேதியைக் கடன் தவணைத் தேதிக்குப் பக்கத்திலேயே குறித்து வைக்கலாம்.